பாலெட் ஓடையின் மண்சுவர்

கலிஃபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு வடகிழக்கே பாலெட் ஓடை சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவைக் கடந்து ஓடுகிறது. பல நூற்றாண்டுகள் அந்த இடம் சதுப்பு நிலமாக இருந்தது. வெள்ளம் வரும்போது மணலும் சேறும் படியும். வெள்ளம் இல்லாத காலத்தில் செடிகள் வளர்ந்து மக்கிக் கறுப்புப் படலமாகும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓடை ஆழமாக அரித்துச் சதுப்பை வடியவிட்டது. 1970களில் கெரி சீ என்ற இளம் புவியியலாளர் அங்கே பிளவுக்குக் குறுக்காகக் குழி வெட்டினார்.

இத்தகைய குழியின் சுவரைச் சுரண்டிச் சமப்படுத்தி, ஆணியடித்து நூல்கட்டிச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு படலத்தையும் வரைவார்கள். அந்தப் படத்தில் தேடுவது, ஒரு விரிசல் கீழிருந்து ஏறிவந்து எங்கே நின்றுபோகிறது என்பதைத்தான். அது அறுத்த படலங்கள் நிலநடுக்கத்துக்கு முந்தியவை. அதன் தலையை மூடி, அறுபடாமல் கிடக்கும் படலம் பிந்தியது. அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மட்டம்தான் நிலம் குலுங்கிய நாளின் தரை. ஆனால் ஒரே ஒரு விரிசலை நம்ப முடியாது. சில விரிசல்கள் தரையை எட்டாமல் பாதியிலேயே மடிந்துவிடும். அதனால் அதே மட்டத்தில் வேறு சான்றும் வேண்டும்: குலுக்கலில் நீரோடு பீறிட்டு வந்து தரையில் பரவிய மணல், மடங்கிய படலம், இன்னொரு குழியில் அதே உயரத்தில் முடியும் விரிசல்.

அடுத்த வேலை தேதி. மக்கிய செடியில் எஞ்சியிருக்கும் கதிரியக்கக் கார்பனை அளந்தால் படலத்தின் வயது தெரியும். இங்கேதான் ஒரு சிக்கல். காற்றிலிருந்த அந்தக் கார்பனின் அளவு கடந்த சில நூற்றாண்டுகளில் ஏறி இறங்கியதால், ஒரே அளவீடு பல ஆண்டுகளுக்குப் பொருந்திப்போகும். பாலெட் ஓடையில் 1857ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்துக்கு முந்தையதை முதலில் 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வைத்தார்கள்.

அதைத் திருத்த உதவியவை மரங்கள். அருகிலுள்ள ரைட்வுட் பகுதியில், பிளவை ஒட்டி நின்ற மரங்களின் வளையங்கள் 1813 முதல் சட்டென்று ஒடுங்கியிருந்தன. வேர்கள் 1812இன் வளர்பருவம் முடிந்தபின் அறுபட்டிருக்க வேண்டும். 1812 டிசம்பர் 8 அன்று சான் ஹுவான் கப்பிஸ்த்ரானோ தேவாலயம் இடிந்து பலர் இறந்தது ஏற்கெனவே பதிவான செய்தி. அதற்குக் காரணமான பிளவு எது என்பதுதான் தெரியாமல் இருந்தது. 1989இல் வெளியான, மேலும் நுட்பமான கார்பன் அளவீடுகளும் 1812ஐ ஏற்றன.

இந்தத் திருத்தம் சிறியதல்ல. அப்போது கணக்கிட்ட 10 நிலநடுக்கங்களுக்கிடையே சராசரி இடைவெளி சுமார் 132 ஆண்டுகள். ஆனால் 1812க்கும் 1857க்கும் இடையே 45 ஆண்டுகளே. மற்றவையும் கொத்துக் கொத்தாகவே வந்திருந்தன: கொத்துக்குள் நூறாண்டுக்கும் குறைவான இடைவெளி, கொத்துகளுக்கிடையே இருநூறு முந்நூறு ஆண்டு அமைதி. சராசரியை மட்டும் வைத்து அடுத்த நிலநடுக்கத்துக்கு நாள் குறிக்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான். 1857க்குப் பிறகு அந்தப் பகுதியில் பிளவு பெரிதாக நகரவில்லை. இது கொத்துக்கு நடுவிலுள்ள இடைவெளியா, கொத்து முடிந்தபின் வரும் நீண்ட அமைதியா என்பதை மண்சுவர் சொல்லாது.