இரண்டு முறை பிடித்த பணம்: ஐ.டி.யில் முதல் வேலையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வளாகத் தேர்வில் ஐ.டி. வேலை கிடைத்தவர்களின் நியமனக் கடிதத்தில் பெரும்பாலும் 'அசிஸ்டன்ட் சிஸ்டம் இன்ஜினியர் டிரெய்னி', 'புரோகிராமர் அனலிஸ்ட் டிரெய்னி' போன்ற பதவிப் பெயர்கள்தாம் இருக்கும். சேர்பவர் நிரல் எழுதப்போகிறாரா, சோதிக்கப்போகிறாரா, சப்போர்ட்டில் உட்காரப்போகிறாரா என்பது அதில் தெரியாது. பெரிய நிறுவனங்களில் சில மாதப் பயிற்சி முடிந்ததும், எந்தப் புராஜெக்டுக்கு ஆள் தேவையோ அங்கே அனுப்பிவிடுகிறார்கள். இந்த மூன்று வேலைகளிலும் அன்றாடம் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்தான் சரியான நேரத்தில் சரியான கேள்வியைக் கேட்க முடியும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கட்டணம் செலுத்தும் செயலி ஒன்றில் ஒருவர் மின்கட்டணம் கட்டுகிறார். இணையம் மெதுவாக இருந்ததால் பொத்தானை இரண்டு முறை அழுத்திவிட்டார். பணமும் இரண்டு முறை போய்விட்டது.

அவருடைய புகார் முதலில் சப்போர்ட்டுக்கு வருகிறது. எல்-1 எனப்படும் முதல் நிலையில் இருப்பவர் பரிவர்த்தனை எண்ணை வாங்கி, டிக்கெட் போட்டு, கையேட்டில் உள்ள தீர்வுகளைப் பார்க்கிறார். அவற்றில் விடை இல்லையென்றால் எல்-2 குழுவுக்கு அனுப்புகிறார். அங்கிருப்பவர் தரவுத்தளத்தில் தேடுகிறார். ஒரே பில் எண்ணுக்கு நான்கு வினாடி இடைவெளியில் இரண்டு பதிவுகள் இருப்பதைக் கண்டுபிடித்து, பணத்தைத் திருப்பித்தர ஏற்பாடு செய்கிறார். எல்லாவற்றையும் குறிப்பிட்ட நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இரவு ஷிஃப்டும் வரலாம்.

காரணத்தைச் சரிசெய்வது டெவலப்பரின் வேலை. ஒவ்வொரு முயற்சிக்கும் செயலியே ஒரு தனி எண் கொடுக்கும்படி அவர் நிரலை மாற்றுகிறார். அதே எண் மறுபடி வந்தால் சர்வர் பணம் பிடிக்காமல் பழைய பதிலையே திருப்பித்தரும். பத்து வரி மாற்றமாக இருக்கலாம். ஆனால் அந்தப் பத்து வரி எங்கே போக வேண்டும் என்று கண்டுபிடிக்க, வேறு யாரோ எழுதிய ஆயிரக்கணக்கான வரிகளைப் படிக்க வேண்டும். புதிதாகச் சேரும் டெவலப்பரின் நாள் எழுதுவதைவிடப் படிப்பதில்தான் அதிகம் போகும்.

அடுத்து டெஸ்டரிடம் வருகிறது. அவர் இணைய வேகத்தைக் குறைத்துப் பொத்தானை இரண்டு முறை அழுத்திப் பார்க்கிறார், சரியாக இருக்கிறது. அத்துடன் விடாமல், கணவன் ஒரு கைபேசியிலும் மனைவி இன்னொன்றிலும் ஒரே பில்லை ஒரே நேரத்தில் கட்டினால் என்ன ஆகும் என்று கேட்கிறார். இரண்டும் வெவ்வேறு முயற்சிகள் என்பதால் எண்களும் வேறு. பணம் மறுபடியும் இரண்டு முறை போகிறது! இனி பில் எண்ணை வைத்தும் தடுக்க வேண்டும் என்று டெவலப்பருக்குத் திருப்பி அனுப்புகிறார். பிறகு, செயலி மாறும் ஒவ்வொரு தடவையும் இதைத் தானாகச் சரிபார்க்கும் நிரலையும் எழுதி வைக்கிறார்.

இவற்றில் எந்த இடத்தில் உங்கள் மனம் நின்றது என்று பாருங்கள். ஒரு சிக்கலோடு மணிக்கணக்கில் தனியாக உட்கார முடிகிறவருக்கு டெவலப்மென்ட் பொருந்தும். 'இப்படிச் செய்தால்?' என்று கேட்டுக்கொண்டே இருப்பவருக்கு டெஸ்டிங். நெருக்கடியில் பதறாமல், கோபமாக இருப்பவரிடமும் நிதானமாகப் பேசிக் காரணத்தைத் தேடுபவருக்கு சப்போர்ட்.

துறையின் பெயரைவிட, அதற்குள் எந்தப் படியில் இருக்கிறோம் என்பதே முக்கியம். எல்-1இல் கடவுச்சொல் மாற்றிக்கொடுப்பதும் டிக்கெட்டை அடுத்தவருக்குத் தள்ளுவதுமாக இரண்டு ஆண்டுகள் போனால், அடுத்த நேர்காணலில் சொல்ல எதுவும் இருக்காது. வேறொருவர் எழுதிய பட்டியலைப் பார்த்து 'பாஸ்', 'ஃபெயில்' என்று குறிப்பதோடு நிற்கும் டெஸ்டிங்குக்கும் அதே கதிதான். டெவலப்பர் என்ற பெயரில் திரையில் உள்ள வாசகங்களை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. மாறாக, தானியங்கிச் சோதனை எழுதும் டெஸ்டரும், தரவுத்தளத்தில் தேடப் பழகிய எல்-2 ஊழியரும் பிறகு டெவலப்மென்டுக்குப் போவது நடக்கக்கூடியதே.

எனவே நேர்காணலிலோ புராஜெக்ட் ஒதுக்கும்போதோ இவற்றைத் தயங்காமல் கேளுங்கள். சப்போர்ட் என்றால் எல்-1ஆ, எல்-2ஆ? ஷிஃப்ட் எப்படி? டெஸ்டிங் என்றால் கையால் மட்டுமா, நிரல் எழுதியுமா? டெவலப்மென்ட் என்றால் என் நிரலை மூத்தவர் ஒருவர் படித்துத் திருத்துவாரா?

விரும்பியது கிடைக்காவிட்டாலும் சேருங்கள். ஆறு மாதம் கழித்து, 'நானே காரணம் கண்டுபிடித்த சிக்கல் எது?' என்று உங்களையே கேளுங்கள். ஒன்றாவது சொல்ல முடிந்தால் அங்கேயே தொடரலாம். ஒன்றுகூட இல்லையென்றால், ஓராண்டு முடிவதற்குள் மேலாளரிடம் வேறு பொறுப்பு கேளுங்கள்.