உடைந்த படிக்கட்டு: வீட்டு ஓனருக்கு நோட்டீஸ் எழுதுவது எப்படி?

வேலூரிலிருந்து சித்தூர் ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனால் எல்லையைத் தாண்டியதும் வாடகைச் சட்டம் மாறிவிடுகிறது. தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டத்தைச் சித்தூரிலோ திருப்பதியிலோ காட்ட முடியாது. அங்கே வாடகைக்கு இருப்பவருக்கு முதலில் கைகொடுப்பது, நாடு முழுவதற்கும் பொதுவான 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம். மாநில வாடகைச் சட்டம் தங்கள் வீட்டுக்குப் பொருந்துமா என்பதை உள்ளூர் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

அந்த 1882 சட்டத்தின் 108-வது பிரிவில், எஃப் உட்பிரிவு சொல்வது இது: பழுதுபார்க்கக் கடமைப்பட்ட உரிமையாளர், நோட்டீஸ் கிடைத்த பிறகும் நியாயமான காலத்துக்குள் அதைச் செய்யாவிட்டால், குடியிருப்பவரே செய்துகொண்டு செலவை வட்டியுடன் வாடகையில் கழிக்கலாம். வாயால் எத்தனை முறை சொல்லியிருந்தாலும் அதை நிரூபிப்பது கடினம். தேதியிட்ட கடிதம் இருந்தால்தான் கெடு எப்போது தொடங்கியது என்று காட்ட முடியும்.

இதில் ‘கடமைப்பட்ட’ என்ற நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். எல்லாப் பழுதும் ஓனர் தலையில்தான் என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. அதனால் முதலில் வாடகை ஒப்பந்தத்தில் பராமரிப்பு யார் பொறுப்பு என்று எழுதியிருக்கிறது எனப் பாருங்கள். பல குடித்தனங்கள் ஏறி இறங்கும் பொதுப் படிக்கட்டு யாருக்கும் தனியாக வாடகைக்கு விடப்பட்டதல்ல. அது ஓனர் கையிலேயே இருக்கிறது. ஆகவே அதன் பராமரிப்பும் அவருடையது என்று வாதிட வலுவான இடம் உண்டு.

அடுத்தது, பழுதைச் சரியாக எழுதுவது. கான்கிரீட் படிக்கட்டின் பாரத்தைத் தாங்கும் முக்கியக் கம்பிகள் சாய்வுப் பலகையின் அடிப்பக்கத்தில் இருக்கின்றன. ஈரம் புகுந்தால் கம்பி துருப்பிடித்துப் பருத்து, மேலே மூடியிருக்கும் கான்கிரீட்டை வெளியே தள்ளும். மேல்பக்கத்தில் படி முனை உடைந்திருந்தால் கால் தடுக்கலாம். அடிப்பக்கத்தில் கம்பி தெரிந்தால் படிக்கட்டே இறங்கக்கூடும். துரு நிறக் கோடு, கம்பியை ஒட்டி ஓடும் விரிசல், தட்டினால் எழும் பொள்ளல் சத்தம் ஆகியவை அதற்கான அறிகுறிகள். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி, அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுங்கள். சில வாரம் கழித்து விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால், அது வளர்கிறது என்பதற்கு அதுவே சான்று.

‘படிக்கட்டு மோசமாக இருக்கிறது, சரி செய்யுங்கள்’ என்று மட்டும் எழுதினால், மேஸ்திரி வந்து சிமெண்ட் பூசிவிட்டுப் போவார். துரு உள்ளேயே இருக்கும்; பழுது மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். ஆகவே கோரிக்கை திட்டமாக இருக்க வேண்டும். ஒரு மாதிரி:

“தங்கள் கட்டிடத்தில் முதல் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்குச் செல்லும் பொதுப் படிக்கட்டில், 4 முதல் 7 வரையான படிகளின் அடியில் கான்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது. கைப்பிடியும் ஆடுகிறது. படங்கள் இணைப்பில். இந்தக் கடிதம் கிடைத்த 3 நாட்களுக்குள் படிக்கட்டுக்கு முட்டுக்கொடுத்து, 15 நாட்களுக்குள் தகுதியுள்ள பொறியாளரைக் கொண்டு சோதித்துப் பழுதுபார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தவறினால் சட்டப்படி நடவடிக்கை எடுப்பேன். வாடகையைத் தொடர்ந்து செலுத்தி வருகிறேன்.”

3, 15 என்ற கெடு சட்டம் விதித்ததல்ல. ‘நியாயமான காலம்’ ஆபத்தின் அளவைப் பொறுத்தது. ஓனர் தெலுங்கு மட்டுமே படிப்பவர் என்றால் கடிதம் தெலுங்கில் இருக்கட்டும். ஒப்புகைச் சீட்டுடன் தபாலில் அனுப்பி, நகலையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். சரியான முகவரிக்குச் சென்ற தபால் ‘வாங்க மறுத்தார்’ என்ற குறிப்போடு திரும்பினாலும், நீதிமன்றங்கள் பொதுவாக அதைக் கிடைத்ததாகவே கொள்ளும்.

பதில் வராவிட்டால் மாநகராட்சி ஆணையருக்கு நகலோடு மனு கொடுக்கலாம். இடியும் நிலையிலுள்ள கட்டிடப் பகுதிகள் மீது நடவடிக்கை எடுக்க மாநகராட்சிக்கு அதிகாரம் உண்டு. பொதுப் படிக்கட்டை ஒரு குடித்தனக்காரர் தன் விருப்பப்படி உடைத்துக் கட்டுவதில் சிக்கல் வரும். அங்கே எல்லாக் குடித்தனங்களும் சேர்ந்து கையெழுத்திடுவதும், தேவைப்பட்டால் உரிமையியல் நீதிமன்றத்தில் உத்தரவு கேட்பதும் பாதுகாப்பான வழி.

வாடகையை மொத்தமாக நிறுத்துவது மட்டும் கூடாது. இங்கிலாந்தின் லிவர்பூலில் ஓர் அடுக்குமாடியில் லிஃப்ட் ஓடவில்லை, படிக்கட்டில் விளக்கில்லை என்று சில குடித்தனக்காரர்கள் வாடகையை நிறுத்தினார்கள். 1976-இல் தீர்ப்பளித்த பிரபுக்கள் சபை, பொதுப் படிக்கட்டைப் பராமரிக்க நியாயமான அக்கறை காட்டுவது உரிமையாளரான நகராட்சியின் கடமை என்றது. ஆனால் அந்தக் கடமையை நகராட்சி மீறியதாக நிரூபணமாகவில்லை என்றும் சொல்லிவிட்டது.

ஓனருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. டெல்லி சாந்தினி சௌக்கில் 1951-இல் மணிக்கூண்டு இடிந்து உயிர்கள் போயின. அந்த வழக்கில், சாலையோரக் கட்டிடத்தின் மறைந்த பழுது தெரியாது என்று சொல்லி உரிமையாளர் தப்ப முடியாது என 1966-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுத்தில் நோட்டீஸ் வாங்கிய ஓனருக்கோ, தெரியாது என்று சொல்லவே வழியில்லை.