மாமாவுக்கு மூன்று வரி

அம்மாவின் சித்தி மகன். முறைக்கு மாமா. கல்யாணம், காதுகுத்து என்று எப்போதாவது பார்ப்பதோடு சரி. அவருக்குப் பிறந்தநாள் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தகவல் வருகிறது. அடுத்த அரைமணி நேரத்தில் ரோஜாப்பூ படமும் ‘வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்’ என்ற வரியும் வரிசை கட்டுகின்றன. மாமா எல்லாவற்றுக்கும் ஒரே கும்பிடு போட்டு முடித்துவிடுவார்.

நம் வாழ்த்து அந்த வரிசையில் கரையாமலிருக்க அலங்காரமான தமிழ் தேவையில்லை. அவருக்கும் நமக்கும் மட்டுமே பொதுவான ஒரு சம்பவம் போதும். எழுதியதை ‘மாமா’வுக்குப் பதில் ‘பெரியப்பா’ என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். அப்போதும் பொருந்தினால் அது யாருக்கும் போகக்கூடிய வாழ்த்து. இது பொருந்தாது:

“மாமா, பிறந்தநாள் வாழ்த்துகள். கோவில்பட்டி கல்யாணத்துல பாயசத்துல அப்பளத்தை நொறுக்கிப் போட்டுச் சாப்பிடச் சொல்லிக்கொடுத்தீங்க, இப்ப என் பையனும் அப்படித்தான் சாப்பிடுறான். அத்தையைக் கேட்டதாச் சொல்லுங்க.”

மூன்றே வரி. ‘அன்பான’, ‘பாசமான’ என்று எதுவும் இல்லை, பாசம் அப்பளத்திலேயே இருக்கிறது. பையனைப் பற்றிய வரி அந்தப் பழைய நாளை இன்றைக்குக் கொண்டுவருகிறது. அத்தையை விசாரித்ததால் மாமா பதில் எழுதவும் விஷயம் கிடைக்கிறது.

அப்படி எதுவும் நினைவில் இல்லையென்றால் அம்மாவிடம் கேளுங்கள். அம்மாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன் தம்பி இல்லாத வீடுகளில் காதுகுத்துக்குப் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வது இப்படிப்பட்ட ஒன்றுவிட்ட மாமாதான். அப்படி நடந்திருந்தால் ‘அம்மா சொன்னாங்க’ என்று சேர்த்தே எழுதுங்கள். ஒரு வயதில் நடந்ததை நினைவிருப்பதுபோல எழுதினால் அவருக்கே பொய் தெரிந்துவிடும்.

எல்லா நினைவும் ஊரறியச் சொல்வதற்கானதல்ல. அவர் பணம் கொடுத்து உதவியது, ஆஸ்பத்திரியில் இருந்தது, மகனுக்கு வரன் பார்ப்பது போன்றவை குழுவில் வந்தால் வாழ்த்தே சங்கடமாகிவிடும். நன்றி சொல்ல வேண்டியதைத் தனியாகச் சொல்லலாம். அத்தை, சித்திகளுக்கு எழுதும்போது வயதைக் குறிப்பிடாமல் விடுவது நல்லது.

இன்னொன்றும் உண்டு. அறுபது, எழுபது வயதுக்காரர்கள் பலருடைய பிறந்த தேதி, பள்ளியில் சேர்க்கும்போது வயதுக் கணக்குக்காகத் தலைமையாசிரியர் போட்டுக்கொடுத்தது. அதனால்தான் மே, ஜூன் மாதங்களில் அத்தனை பெரியவர்களுக்குப் பிறந்தநாள் வருகிறது. உண்மையான நாள், மாதமும் நட்சத்திரமுமாக வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்கும். “மாமா, உங்க நட்சத்திரப் பிறந்தநாள் எப்ப வருது?” என்று ஒரு வரி கேட்டு வைத்துக்கொண்டால், அடுத்த வருஷம் ஆவணியிலோ ஐப்பசியிலோ, வேறு யாரும் வாழ்த்தாத நாளில் அவருக்கு எழுதலாம்.