முதல் பத்தியில் ஒரு கம்ப்ரஸர்

எம்பிஏ விண்ணப்பக் கட்டுரையின் முதல் பத்தியில், படிப்பவர் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுவார். இந்த எஞ்சினியர் ஏன் நிதித்துறைக்கு வருகிறார்? வந்து என்ன வேலை செய்யப் போகிறார்? 'சிறுவயதிலிருந்தே எண்கள் மீது ஆர்வம்' என்று தொடங்கினால் இரண்டுக்குமே விடை கிடைக்காது. அந்த வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

கற்பனையான ஒரு விண்ணப்பதாரர் இப்படித் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம்:

"எங்கள் சிமென்ட் ஆலையின் பழைய கம்ப்ரஸரை மாற்ற 40 லட்ச ரூபாய் கேட்டேன். மின்கட்டணத்தில் ஆண்டுக்கு 10 லட்சம் மிச்சமாகும் என்று அளந்து காட்டினேன். போட்ட பணம் 3 ஆண்டுகளில் திரும்ப வேண்டும் என்று சொல்லி நிதிப்பிரிவு கோப்பைத் திருப்பி அனுப்பியது. அந்த 3 ஆண்டு எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கப் போய்த்தான் நிதிக் கணக்குகளைப் படிக்கத் தொடங்கினேன். மின்சிக்கனத் திட்டங்களுக்குக் கடன் தரும் நிறுவனத்தில், அவற்றை மதிப்பிடும் வேலைக்குப் போக விரும்புகிறேன்."

துறை மாறும் காரணம் இங்கே வேலையிலிருந்தே பிறக்கிறது. குறிக்கோளும் தெளிவாக இருக்கிறது. 'நிதித்துறை' என்று மட்டும் எழுதியிருந்தால் பங்குச்சந்தையா, வங்கியா, கம்பெனியின் நிதிப்பிரிவா என்று தெரியாது. கொலம்பியா வணிகப் பள்ளி, படிப்பு முடிந்ததும் என்ன வேலை என்ற கேள்விக்கு வெறும் 50 எழுத்துகளில் பதில் கேட்டு வந்திருக்கிறது. மழுப்பலான குறிக்கோளை அதற்குள் ஒளிக்க முடியாது.

இப்படி எழுதியவரிடம் நேர்காணலில் அந்தக் கணக்கையே கேட்பார்கள். 40 லட்சம் திரும்ப 4 ஆண்டுகள் ஆகும். வரம்பு 3 ஆண்டு என்பதால் திட்டம் விழுந்தது. ஆனால் கம்ப்ரஸர் 10 ஆண்டு உழைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பணத்துக்கு இன்றைய பணத்தின் மதிப்பு கிடையாது என்பதால் ஆண்டுக்கு 12 சதவீதம் தள்ளிக் கணக்கிட்டாலும், மொத்த மிச்சத்தின் இன்றைய மதிப்பு சுமார் 56.5 லட்சம். செலவு போக 16.5 லட்சம் ஆதாயம்.

அப்படியானால் நிதிப்பிரிவு செய்தது தவறா? அப்படிச் சொல்லிவிட முடியாது. கையில் பணம் குறைவாக இருந்திருக்கலாம். சொன்ன மிச்சம் கடைசிவரை வருமா என்ற சந்தேகமும் இருந்திருக்கலாம். கடன் தருபவருக்கும் அதே சந்தேகம்தான். மிச்சத்தை அளந்து சரிபார்க்கத் தெரிந்த எஞ்சினியர் அங்கே தேவைப்படுகிறார். பழைய தொழிலைத் தாழ்த்தி எழுதுபவர்கள் கோட்டைவிடுவது இந்த இடத்தைத்தான்.

ஆகவே, அனுப்பும் முன் முதல் பத்தியில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். விளக்க முடியாத எண்ணை எடுத்துவிடுங்கள்.