எந்தப் பைக்குள் எது?

சென்ற வருடம் உம்மம்மாவும் உம்மாவும் வாப்பாவும் உம்ராவுக்குச் சென்றபோது, ஹட்டனில் எங்கள் வீட்டுக் கட்டிலின் மீது அவர்களின் எண்ணெய்ப் போத்தல், பற்பசை, குளிசைகள் எல்லாம் பரவிக் கிடந்தன. அவற்றைப் பிரித்து அடுக்கும் வேலை எனக்கு வந்தது. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து இரண்டு கேள்விகள் கேட்டால் போதும் என்பதை அன்று கற்றேன். இது திரவமா? சூட்கேஸ் வந்து சேராவிட்டால் இது இல்லாமல் இருக்க முடியுமா?

முதற் கேள்விக்குக் காரணம் 2006 ஆகஸ்டில் லண்டனில் முறியடிக்கப்பட்ட ஒரு சதித்திட்டம். குளிர்பானப் போத்தல்களில் திரவ வெடிபொருளை மறைத்து விமானங்களைத் தகர்க்க முயன்றார்கள். அதன் பிறகே கைப்பையில் கொண்டுபோகும் திரவத்துக்கு அளவு வைத்தார்கள். ஒவ்வொரு கொள்கலனும் 100 மில்லிலீற்றருக்கு மேற்படக் கூடாது. எல்லாம் சேர்ந்து ஒரு லீற்றர் கொள்ளும், மூடித் திறக்கக்கூடிய ஒரே தெளிவான பைக்குள் அடங்க வேண்டும். பற்பசை, கிறீம், தைலம் ஆகியனவும் திரவமாகவே கணக்கிடப்படும்.

பலர் தவறுவது இங்கேதான். பார்க்கப்படுவது கொள்கலனின் அளவு; உள்ளே எஞ்சியிருப்பது அல்ல. 200 மில்லிலீற்றர் ஷாம்பூ போத்தலின் அடியில் கொஞ்சமே இருந்தாலும் அது கைப்பைக்கு ஆகாது. உம்மம்மாவின் தேங்காயெண்ணெய்ப் போத்தலும் பெரியது. ஹட்டன் குளிரில் அது உறைந்து கட்டியாக இருந்தது.

"இது தண்ணியா மகள்? கல்லு மாதிரி இருக்கே!" என்றார் உம்மம்மா.

கட்டுநாயக்க போய்ச் சேருமுன் அது உருகிவிடும். சூட்கேஸில் வைத்தேன். ஷாம்பூவும் பெரிய பற்பசையும் அதனுடன் போயின. சவர்க்காரக் கட்டி திண்மம் என்பதால் எந்தப் பையிலும் இருக்கலாம். கத்தரிக்கோல் சூட்கேஸுக்குத்தான்.

மருந்தில் இரண்டாவது கேள்வியே முக்கியம். உம்மம்மாவுக்குச் சீனி வருத்தம். காலையில் 20 அலகு, இரவில் 12 அலகு இன்சுலின். நாளொன்றுக்கு 32, பதினான்கு நாட்களுக்கு 448. பத்து மில்லிலீற்றர் குப்பியில் 1000 அலகு இருப்பதால் ஒன்றே போதும். கண்ணாடி உடைந்தால் என்ன செய்வது என்று இன்னொன்றும் எடுத்தோம். இரண்டும் கைப்பையில்தான். விமானத்தின் பொதியறையில் குளிர் கூடினால் இன்சுலின் உறையலாம். உறைந்தது மீண்டும் உருகினாலும் அதன் பலனை நம்ப முடியாது. உம்மம்மா போடும் கலப்பு இன்சுலினை மெல்ல உருட்டிக் கலந்த பிறகும் கட்டிகள் மிதந்தால் அல்லது கண்ணாடியில் வெள்ளையாக ஒட்டியிருந்தால் எறிந்துவிட வேண்டும். அப்படி எதுவும் தெரியாவிட்டாலும், உறைந்தது என்று தெரிந்தால் பாவிக்கக் கூடாது. ஐஸ் பொதி வைப்பவர்கள் இடையே துணி சுற்ற வேண்டும். குப்பி ஐஸில் நேரடியாகப் படக் கூடாது.

பயணத்துக்குத் தேவையான திரவ மருந்து 100 மில்லிலீற்றர் விதிக்கு விலக்கு. ஆனால் சோதனையின்போது அதைத் தனியாக எடுத்துக் காட்ட வேண்டும். அங்கேதான் எங்களுக்கு ஒரு சிக்கல். உம்மம்மாவின் குளிசைகள் சின்னக் கடதாசி உறைகளில் இருந்தன. "காலை 1, இரவு 1" என்று எழுதியிருந்ததே தவிர மருந்தின் பெயர் இல்லை. வாப்பா பாமசியில் பெயர் அச்சிட்ட அட்டைகளாகவே வாங்கிவந்தார். இன்சுலின், ஊசி, குளிசைகளின் பெயரையும் அளவையும் வைத்தியர் ஆங்கிலத்தில் எழுதித் தந்தார். கிளினிக் புத்தகத்துடன் அக்கடிதத்தையும் கைப்பையின் மேலறையில் வைத்தேன்.

ஜித்தாவில் சூட்கேஸ் வரவில்லை. இரண்டு நாள் கழித்தே கிடைத்தது. எண்ணெய் இல்லையே என்று உம்மம்மா குறைபட்டார். ஆனால் அன்றிரவு ஊசி நேரம் தவறவில்லை.

திரும்பி வந்தபோது இன்னொன்றைக் கற்றோம். போகும்போது கசியாத ஷாம்பூ, வரும்போது உடுப்பெல்லாம் கொட்டியிருந்தது. கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு வரும் சிப்ஸ் பைகள் ஊதிப்போயிருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் உள்ளே இருக்கும் காற்று விரிகிறது. பறக்கும் விமானத்தினுள் அழுத்தம் ஏறத்தாழ 1800 முதல் 2400 மீற்றர் உயரத்தில் உள்ளதைப் போன்றது. நுவரெலியா 1868 மீற்றரில் இருக்கிறது. மலையில் மூடிய போத்தலுக்கு அது பெரிய மாற்றமில்லை. மக்காவில் பாதி தீர்ந்து, காற்று நிறைந்த நிலையில் மூடிய போத்தலோ விரிந்த காற்றால் ஷாம்பூவை வெளியே தள்ளிவிட்டது. ஆகவே தாழ்நிலத்தில் மூடும் போத்தலை அழுத்திக் காற்றை வெளியேற்றி, அழுத்தியபடியே மூட வேண்டும். பிறகு ஒரு பொலித்தீன் பையில் கட்டி வைக்க வேண்டும்.

அடுத்த மாதம் பெரியம்மா புறப்படுகிறார். நேற்றே என்னை அழைத்துவிட்டார். போனதும் முதலில் கேட்கப்போவது கிளினிக் புத்தகத்தைத்தான்.