பல்லின் பின்புறம் சொல்லும் செய்தி

பல் கூசுகிறது என்று ஒரு கல்லூரி மாணவி வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முன்பற்கள் வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கின்றன. மருத்துவர் சிறு கண்ணாடியை உள்ளே வைத்து மேல்வரிசைப் பற்களின் பின்புறத்தைப் பார்க்கிறார். எனாமல் கரைந்து, வழவழப்பாக, மஞ்சள் தெரிகிறது. கீழ்ப்பற்களில் அவ்வளவு சேதமில்லை. வாந்தி வரும்போது நாக்கு அவற்றை மறைத்துவிடும்.

அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டு, எடை கூடுமென்று அஞ்சித் தானே வாந்தியெடுக்கும் புலிமியா நோயில் இந்தத் தடம் விழும். காதுக்கு முன்னுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகளும் வீங்கலாம். ஆனால் நாள்பட்ட நெஞ்செரிச்சலும் கர்ப்பகால வாந்தியும் இதே தடத்தை விடும். அதனால் பல்லை மட்டும் பார்த்து முடிவுகட்டக் கூடாது.

நல்ல மருத்துவர் நாற்காலியை நிமிர்த்தி, முகக்கவசத்தைக் கழற்றி, அம்மா அருகில் இல்லாதபோது பேசுகிறார். "பல்லுல அமிலம் பட்ட மாதிரி தெரியுதும்மா. நெஞ்செரிச்சல், அடிக்கடி வாந்தி ஏதாவது இருக்கா?" இல்லையென்றால் வற்புறுத்துவதில்லை, அடுத்த பரிசோதனைக்கு நாள் குறிக்கிறார். எடையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஆமென்றால், வாந்திக்குப் பின் உடனே பல் துலக்காமல், சமையல் சோடா கலந்த நீரில் கொப்பளிக்கச் சொல்கிறார். அடிக்கடி வாந்தியெடுத்தால் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பே தடுமாறக்கூடும். அதனால் அவள் சம்மதத்தோடு பொதுமருத்துவருக்கும் மனநல மருத்துவருக்கும் கடிதம் எழுதித் தருகிறார்.