வியாழனா, வெள்ளியா?

அமெரிக்காவின் ‘சயின்ஸ்’ ஆய்விதழ், புதிய கட்டுரைகள் பற்றிய செய்திக்குறிப்பை நிருபர்களுக்கு முன்கூட்டியே அனுப்பிவிடும். ஆனால் அமெரிக்கக் கிழக்கு நேரப்படி வியாழன் பிற்பகல் 2 மணிக்கு முன் அதை வெளியிடக் கூடாது.

தமிழாக்குபவர் தடுமாறும் இடம் இதுதான். அந்நேரம் இந்தியாவில், கோடையில் வியாழன் இரவு 11.30; குளிர்காலத்தில் நள்ளிரவு தாண்டி 12.30, அதாவது வெள்ளிக்கிழமை. தேதியே மாறிவிடுகிறது! எனவே மூல நேரத்தை அப்படியே வைத்து, இந்திய நேரத்தையும் தேதியோடு பக்கத்தில் எழுத வேண்டும்.

எண்களிலும் இதே கவனம் தேவை. 2.5 பில்லியன் என்பது 250 கோடி. 25 கோடி அல்ல.

மேற்கோளில் விஞ்ஞானி ‘காரணமாக இருக்கலாம்’ என்றிருந்தால், தமிழில் ‘இதுவே காரணம்’ ஆகிவிடக் கூடாது. கடைசியில் ஒருவர் மூலத்தைப் படிக்க, மற்றவர் தமிழில் எண், தேதி, மேற்கோளை மட்டும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தால் இத்தகைய பிழைகள் சிக்கிவிடும்.